கணக்கில் 7 ஆண்டு, கையில் 3 வாரம்: தூங்கும் சென்சார் நோடின் பேட்டரி ஏன் சீக்கிரம் தீர்கிறது

பேட்டரி எதிர்பார்த்ததற்கு முன்பே தீர்ந்துவிட்டால் பலரும் முதலில் புரோகிராமைத் திறந்து வரிவரியாகப் பார்க்கிறார்கள். அதற்கு முன் ஒரு வகுத்தல் போட வேண்டும். நோடு எத்தனை நாள் ஓடியது என்பது உங்களுக்குத் தெரியும். பேட்டரியில் ஏறக்குறைய எவ்வளவு இருந்தது என்பதும் தெரியும். இரண்டையும் வைத்து, அந்த நோடு உண்மையில் இழுத்த சராசரி கரண்டைப் பின்னோக்கிக் கண்டுபிடித்துவிடலாம். அந்த எண் எந்த வரம்பில் இருக்கிறது என்று பார்த்தாலே, தப்பு எந்த இடத்தில் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். கீழே உள்ள அறிகுறிகளை அந்த வரிசையில்தான் அடுக்கியிருக்கிறேன்: சில நாளில் தீர்ந்தது, சில மாதத்தில் தீர்ந்தது, அளந்தால் சரி ஆனாலும் தீர்ந்தது, தீராமலே நின்றது.

பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஒரே ஒரு நோடை எடுத்துக்கொள்வோம். 3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ் புரோ மினி போர்டு. அதில் இருப்பது ATmega328P. SX1276 சிப் உள்ள RFM95 லோரா ரேடியோ. வெப்பநிலைக்கு ஒரு DS18B20. மூன்று ஏஏ ஆல்கலைன் செல்கள் தொடராக. 10 நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, வெப்பநிலையைப் படித்து, 20 பைட் அனுப்பிவிட்டுத் தூங்க வேண்டும்.

செல் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். கடையில் பென்சில் செல் என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது சாதாரண ஜிங்க்-கார்பன் செல். அதை வைத்து ஆல்கலைன் கணக்கைப் போட்டால் பாதி கூடத் தேறாது. உறையில் ஆல்கலைன் என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

முதலில், சரியாக ஓடினால் எவ்வளவு?

நல்ல ஆல்கலைன் ஏஏ செல்லில், குறைந்த கரண்ட் இழுத்தால், ஏறக்குறைய 2500 எம்ஏஎச் இருக்கிறது. ஆனால் அது செல் 0.8 வோல்ட்டுக்கு இறங்கும்வரை உறிஞ்சினால் கிடைப்பது. நம் நோடு அவ்வளவு கீழே போக முடியாது. DS18B20-க்குக் குறைந்தது 3.0 வோல்ட் வேண்டும். ரெகுலேட்டரில் விழுவதையும், அனுப்பும் நேரத்தில் செல்லுக்குள்ளேயே விழுவதையும் சேர்த்தால், மூன்று செல்லும் சேர்ந்து 3.3 வோல்ட்டுக்குக் கீழே போனபின் நோடை நம்ப முடியாது. அதாவது செல்லுக்கு 1.1 வோல்ட். அந்த அளவோடு நிறுத்தினால் 1800 எம்ஏஎச் என்று திட்டமிடுவது பாதுகாப்பானது. செல்களைத் தொடராக இணைத்தால் வோல்ட்தான் கூடும், எம்ஏஎச் கூடாது. மூன்றுக்கும் சேர்த்து அதே 1800தான்.

இந்த 1800-ஐ 24 ஆல் வகுத்தால் 75. ஆகவே நம் நோடுக்கு இந்த ஒரு வரி போதும்:

```
I_avg (mA) = 75 / days
```

வேறு பேட்டரி என்றால், அதன் பயன்படும் எம்ஏஎச்சை 24 ஆல் வகுத்து அந்த 75-இன் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி நேர்க் கணக்கு. டியூட்டி சைக்கிள் என்றதும் பலரும் "விழித்திருக்கும் நேரம் இத்தனை சதவீதம், விழிப்புக் கரண்ட் இவ்வளவு" என்று ஒரே பெருக்கலில் முடிக்கிறார்கள். நம் நோடு 600 விநாடியில் ஏறக்குறைய 0.81 விநாடி விழித்திருக்கிறது. இது 0.14 சதவீதம்கூட நிறைவாக இல்லை. ஆனால் அந்த 0.81 விநாடிக்குள் கரண்ட் ஒரே அளவில் நிற்பதில்லை. சென்சாருக்காகக் காத்திருக்கும்போது 4.5 மில்லிஆம்ப், அனுப்பும்போது 90 மில்லிஆம்ப். ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் கரண்டையும் நேரத்தையும் தனித்தனியே பெருக்கி, மில்லிஆம்ப்-விநாடியாகக் கூட்டி, அந்த `Q_active`-ஐ ஒரு சுற்றின் நேரமான `T`-யால் வகுப்பதுதான் வழி:

```
I_avg = I_sleep + Q_active / T
```

DS18B20-இன் 12 பிட் அளவீட்டுக்கு 750 மில்லிவிநாடி வரை ஆகும். அந்த நேரம் முழுக்க மைக்ரோகண்ட்ரோலர் விழித்திருந்தால் அதற்கு 3.5, சென்சாருக்கு 1; கூட்டினால் 4.5 மில்லிஆம்ப். 0.75 விநாடிக்கு அது 3.4 மில்லிஆம்ப்-விநாடி. அடுத்தது அனுப்புதல். லோராவில் அனுப்பும் வேகத்தைத் தீர்மானிக்கும் ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் SF7, அலைவரிசை அகலம் 125 கிலோஹெர்ட்ஸ் என்றால் 20 பைட்டுக்கு 57 மில்லிவிநாடி காற்றில் இருக்கும். +17 டிபிஎம்மில் ரேடியோவுக்கு 87 மில்லிஆம்ப், கூட மைக்ரோகண்ட்ரோலர். ஆக 5.1 மில்லிஆம்ப்-விநாடி. மொத்தம் 8.5. இதை 600 விநாடியில் பரப்பினால் 14 மைக்ரோஆம்ப்.

தூக்கத்தில், நேரம் வந்ததும் எழுப்பிவிடும் வாட்ச்டாக் டைமர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் ATmega328P 3 வோல்ட்டில் ஏறக்குறைய 4.2 மைக்ரோஆம்ப் இழுக்கும். தூங்கும் ரேடியோ 0.2, சும்மா இருக்கும் DS18B20 முக்கால். ரெகுலேட்டர் MCP1700 போல நல்லதாக இருந்தால் 1.6. மொத்தத்தில் 7 மைக்ரோஆம்ப் என்று வைத்துக்கொள்ளலாம்.

இத்துடன் பேட்டரி தானாகக் குறைவதையும் ஒரு கரண்டாக எழுதிவிட வேண்டும். ஆல்கலைன் செல் அறை வெப்பத்தில் ஆண்டுக்கு 2 முதல் 3 சதவீதம் இழக்கிறது. 2500-இல் ஆண்டுக்கு 60 எம்ஏஎச் சொச்சம் என்றால், அது இடைவிடாமல் 7 மைக்ரோஆம்ப் இழுப்பதற்குச் சமம். நோடு தூங்கும்போது இழுக்கும் அதே அளவு!

14, 7, 7 மூன்றையும் கூட்டினால் 28 மைக்ரோஆம்ப். 75-ஐ 0.028 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2,680 நாள், 7 ஆண்டுக்குக் கொஞ்சம் மேல். காகிதத்தில் இதுதான் உச்சம். இதை அளவுகோலாக வைத்துக்கொண்டு அறிகுறிகளுக்குப் போவோம்.

அறிகுறி: இரண்டு மாதத்துக்குள் தீர்ந்துவிட்டது

75-ஐ நாளால் வகுத்துப் பாருங்கள். விடை 1 மில்லிஆம்புக்கு மேலே இருக்கும். மைக்ரோஆம்ப் கணக்கில் நுணுக்கம் பார்க்க வேண்டிய கட்டமே இது இல்லை. ஏதோ ஒன்று முழுசாக விழித்திருக்கிறது.

11 நாள் என்றால் 6.8 மில்லிஆம்ப். மைக்ரோகண்ட்ரோலர் தூங்கவே இல்லை என்று அர்த்தம். 23 நாள் என்றால் 3.3, மைக்ரோகண்ட்ரோலர் தூங்குகிறது, ஆனால் பவர் எல்இடியும் ரேடியோவும் இரண்டும் விழித்திருக்கின்றன. 47 நாள் என்றால் 1.6, இரண்டில் ஒன்று மட்டும்.

எல்இடியைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். புரோ மினியில் பவர் எல்இடிக்குப் பக்கத்தில் கடுகளவு ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். அதன் மேல் 102 என்று இருந்தால் அது 1 கிலோ ஓம். 3.3 வோல்ட்டில் எல்இடி 1.8 எடுத்துக்கொண்டால் மீதி 1.5 வோல்ட் அந்த ரெசிஸ்டரின் மேல் விழுகிறது, ஆக 1.5 மில்லிஆம்ப். 103 என்று இருந்தால் 10 கிலோ ஓம், 150 மைக்ரோஆம்ப். அப்போது எல்இடி மங்கலாகத்தான் எரியும், கொலையும் மெதுவாகத்தான் நடக்கும். எதுவானாலும் அந்த எல்இடி வேண்டாம். சால்டரிங் அயர்ன் முனையை ரெசிஸ்டரின் மேல் வைத்துச் சூடேற்றி ஒதுக்கினால் வந்துவிடும். எல்இடியை இடுக்கியால் உடைத்தால் போர்டிலிருந்து செம்புப் பட்டையும் சேர்ந்து உரிந்து வரக்கூடும். ரெசிஸ்டரை எடுப்பதே நல்லது.

ரேடியோவின் கதை கொஞ்சம் நுட்பமானது. SX1276 அனுப்பி முடித்ததும் தானாக ஸ்டேண்ட்பைக்குத்தான் போகும், தூக்கத்துக்குப் போகாது. ஸ்டேண்ட்பையில் 1.6 மில்லிஆம்ப். பெயரைப் பார்த்து ஓய்வு நிலை என்று நினைத்துவிடுகிறோம். தூக்கத்தில் இழுக்கும் 0.2 மைக்ரோஆம்போடு ஒப்பிட்டால் அது 8,000 மடங்கு. ஆகவே தூங்கச் சொல்லும் வரியை நாம்தான் எழுத வேண்டும், அதுவும் கடைசியில்:

```
LoRa.endPacket();
LoRa.sleep();
for (byte i = 0; i < 75; i++)
  LowPower.powerDown(SLEEP_8S, ADC_OFF, BOD_OFF);
```

`LoRa.sleep()` எழுதியிருந்தும் 1.6 மில்லிஆம்ப் போகிறது என்றால், அதற்குப் பிறகு ரேடியோவைத் தொடும் வேறு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். பாக்கெட் வந்ததா என்று பார்க்க எங்கோ ஒரு `LoRa.parsePacket()` இருந்தாலே போதும், ரேடியோ மறுபடி எழுந்துவிடும்.

அறிகுறி: மூன்று மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் தீர்ந்துவிட்டது

இப்போது வகுத்தால் 200 முதல் 800 மைக்ரோஆம்புக்குள் வரும். இந்த வரம்பில் சந்தேகப்பட வேண்டியவர்கள் வேறு. எதுவும் முழுசாக விழித்திருக்கவில்லை. எங்கோ கசிகிறது, அல்லது ஒன்றை அணைக்க மறந்திருக்கிறது.

முதலில், வோல்ட்டை எண்ணாக மாற்றும் ஏடிசி. தூங்கப் போகும்முன் அதை அணைக்காவிட்டால் தூக்கத்திலும் சில நூறு மைக்ரோஆம்ப் இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே உள்ள `ADC_OFF` அதற்குத்தான். வோல்ட் குறைந்தால் ரீசெட் செய்யும் பிரவுன்-அவுட் கண்காணிப்பைத் தூக்கத்தில் நிறுத்துவது `BOD_OFF`; அது இல்லாவிட்டால் இன்னும் ஒரு 20 மைக்ரோஆம்ப் கூடும்.

அடுத்தது, பேட்டரி வோல்ட்டைப் படிக்கப் போட்ட டிவைடர். இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை 4.5 வோல்ட்டுக்குக் குறுக்கே போட்டால் இரவும் பகலும் 225 மைக்ரோஆம்ப். பேட்டரியைக் கண்காணிக்க வைத்த பொருளே, மற்ற எல்லாவற்றையும் சேர்த்ததைவிட எட்டு மடங்கு பேட்டரியைத் தின்கிறது. இரண்டையும் 1 மெகா ஓமாக மாற்றினால் 2 மைக்ரோஆம்பாகக் குறையும். அப்போது ஏடிசி பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஒரு 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரைப் போடுங்கள், இல்லையென்றால் படிக்கும் மதிப்பு குறைத்துக் காட்டும்.

ரெகுலேட்டரையும் பாருங்கள். புரோ மினியில் வழக்கமாக இருக்கும் MIC5205, நோடு எதுவும் இழுக்காத நேரத்திலும் தனக்கென்று 80 மைக்ரோஆம்ப் எடுத்துக்கொள்கிறது. நகல் போர்டுகளில் வேறு ரெகுலேட்டர் இருக்கும், அது இன்னும் மோசமாகவும் இருக்கலாம். MCP1700 வைத்து `VCC` பின்னில் நேராகக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், பழைய ரெகுலேட்டரைப் போர்டிலிருந்து எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் வெளியேறும் வாய் வழியாகவே பின்னோக்கிக் கரண்ட் கசியும்.

இந்த வரம்பில் கண்டுபிடிக்கக் கஷ்டமான ஒன்று, மிச்சம் பிடிக்கப் போய் வருவது. DS18B20 தவிர வேறு சென்சாரும் போட்டிருந்தால், அதன் பவரை ஒரு பின் வழியாகக் கொடுத்து, தூங்கும்போது அணைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் டேட்டா லைனில் இருக்கும் 4.7 கிலோ ஓம் புல்-அப் இன்னும் `VCC`-யிலேயே கட்டியிருக்கும். சென்சாரின் பவர் பின் கிரவுண்டுக்கு இறங்கியதும், கரண்ட் அந்த ரெசிஸ்டர் வழியாக டேட்டா லைனுக்கு வந்து, பல சென்சார்களில் உள்ளே இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியாக இறங்கும். 3.3-ஐ 4.7 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 0.7 மில்லிஆம்ப், டயோடில் விழுவதைக் கழித்தாலும் அரை மில்லிஆம்புக்கு மேல். சில மைக்ரோஆம்பை மிச்சம் பிடிக்கப் போய் அதைப் போலப் பல மடங்கு இழக்கிறோம். சும்மா இருக்கும்போது முக்கால் மைக்ரோஆம்ப் மட்டுமே இழுக்கும் DS18B20-க்கு எப்போதும் பவரை விட்டுவைப்பதே என் தேர்வு. வேறு சென்சாரை அணைத்தே ஆக வேண்டும் என்றால், அதன் புல்-அப்பையும் அதே பின்னிலிருந்து கொடுங்கள்.

மீட்டரில் தூக்கக் கரண்ட் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடுகிறதா? கையைப் போர்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் எண் மாறுகிறதா? எங்கேயும் இணைக்காத பின்கள் இன்புட்டாகத் தொங்குகின்றன. பயன்படாத பின்களை எல்லாம் `INPUT_PULLUP` ஆக்கினால் எண் நின்றுவிடும்.

அறிகுறி: மீட்டரை வைத்தால் நோடே ஓடவில்லை, அல்லது எண் நம்பும்படி இல்லை

இது பேட்டரியின் குறையே இல்லை, அளக்கும் முறையின் குறை. ஆனால் இதில் மாட்டிக்கொண்டு, நல்ல நோடைக் கெட்டது என்று பிரித்துப் போட்டவர்கள் உண்டு.

சாதாரண மல்டிமீட்டரை 2000 மைக்ரோஆம்ப் ரேஞ்சில் வைத்தால் அதற்குள் ஏறக்குறைய 100 ஓம் இருக்கும். தூங்கும்போது 7 மைக்ரோஆம்புக்கு அதில் 1 மில்லிவோல்ட்கூட விழாது. ஆனால் நோடு அனுப்ப எழுந்து 90 மில்லிஆம்ப் கேட்டால், 100 ஓமில் 9 வோல்ட் விழ வேண்டும். இருப்பதே 4.5. நோடு ரீசெட் ஆகும், மறுபடி எழும், மறுபடி அனுப்பப் பார்க்கும். மீட்டரில் எண் தாறுமாறாக ஓடும்.

மில்லிஆம்ப் ரேஞ்சுக்கு மாற்றினால் நோடு ஓடும். ஆனால் 200 மில்லிஆம்ப் ரேஞ்சில் கடைசி இலக்கமே 100 மைக்ரோஆம்ப். 7 மைக்ரோஆம்பையும் 70 மைக்ரோஆம்பையும் அது 0.0 என்றுதான் காட்டும்.

வழி சுலபம். மீட்டரைப் பேட்டரியின் பிளஸ் ஒயருக்கு நடுவே மைக்ரோஆம்ப் ரேஞ்சிலேயே வைத்து, அதன் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு 1N4007 டயோடைப் போடுங்கள். பட்டை போட்ட முனை நோடின் பக்கம். தூக்கத்தில் டயோடின் மேல் மில்லிவோல்ட் கணக்கில்தான் இருக்கும் என்பதால் அது கரண்டைக் கடத்தாது, முழுதும் மீட்டர் வழியாகவே போகும். நோடு எழுந்ததும் டயோடு கடத்தத் தொடங்கி, 0.8 வோல்ட் போல மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விடும். புது செல்லில் 4.5 வோல்ட் இருப்பதால் அந்த இழப்பை நோடு தாங்கும். பழைய செல்லில் இந்த அளவீட்டைச் செய்யாதீர்கள்.

அளக்கும்போது யூஎஸ்பி சீரியல் கேபிளைக் கழற்றிவிடுங்கள். அது மாட்டியிருந்தால் அதன் வழியாகவும் நோடுக்குப் பவர் போகும். பேட்டரி வழியில் 0 என்று காட்டும், சில நேரம் மைனஸில்கூடக் காட்டும்.

அறிகுறி: தூக்கக் கரண்ட் 7 மைக்ரோஆம்ப்தான், ஆனாலும் பேட்டரி தீர்கிறது

இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற கட்டம். தூக்கக் கரண்டை 7-க்குக் கொண்டுவந்ததோடு வேலை முடிந்தது என்று பலர் நோடைப் பெட்டியில் பூட்டிவிடுகிறார்கள். விழிப்பு நேரத்தை யாரும் அளப்பதில்லை, மேசையில் ஒருமுறை பார்த்ததோடு சரி. மேசையில் ரிசீவர் பக்கத்திலேயே இருக்கிறது. நோடு போய் உட்காரும் இடத்தில் அப்படி இல்லை.

ஒரு நோடை எடுத்துக்கொள்வோம். 150 நாளில் தீர்ந்தது. 75-ஐ 150 ஆல் வகுத்தால் 0.5 மில்லிஆம்ப், அதாவது 500 மைக்ரோஆம்ப். தூக்கத்தில் 7, பேட்டரி தானாக இழப்பது 7. மீதி 486 மைக்ரோஆம்ப் விழிப்பில்தான் போயிருக்க வேண்டும். அதை 600 விநாடியால் பெருக்கினால், ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் ஏறக்குறைய 292 மில்லிஆம்ப்-விநாடி. நாம் போட்ட கணக்கோ 8.5. முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இதைக் கண்டுபிடிக்க ஆசிலோஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. ATmega328P பவர்-டவுன் தூக்கத்துக்குப் போகும்போது `millis()`-ஐ ஓட்டும் டைமரும் நின்றுவிடும். மற்ற வேலைகளுக்கு இது தொந்தரவு, நமக்கு வரம். `millis()` விழித்திருந்த நேரத்தை மட்டுமே கூட்டிக்கொண்டு போகிறது. அந்த எண்ணை ஒவ்வொரு பாக்கெட்டிலும் வைத்து அனுப்பிவிடுங்கள்:

```
uint32_t awake = millis();
LoRa.write((uint8_t*)&awake, sizeof(awake));
```

ரிசீவரில், இந்தப் பாக்கெட்டின் எண்ணிலிருந்து முந்தைய பாக்கெட்டின் எண்ணைக் கழித்தால், ஒரு சுற்றில் நோடு எத்தனை மில்லிவிநாடி விழித்திருந்தது என்பது கிடைத்துவிடும். நடுவில் ஒரு பாக்கெட் தவறியிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத் தெரியும் என்பதால், கூடவே ஒரு வரிசை எண்ணையும் அனுப்புங்கள். பாக்கெட்டுகள் வந்த நேரத்தையும் பாருங்கள். வாட்ச்டாக்கின் கடிகாரம் வோல்ட்டுக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப மாறும். நீங்கள் 600 விநாடி என்று நினைப்பது 560 ஆகவோ 650 ஆகவோ இருக்கலாம். கணக்கில் `T`-யின் இடத்தில் ரிசீவர் சொல்லும் இடைவெளியைத்தான் போட வேண்டும்.

நம் 150 நாள் நோடில் இந்த வித்தியாசம் 810 இருக்க வேண்டிய இடத்தில் 7,400 என்று வருகிறது. 7.4 விநாடி எங்கே போனது? தூரம் எட்டவில்லை என்று யாரோ SF7-ஐ SF12 ஆக்கியிருக்கிறார்கள். SF ஒரு படி ஏறினால் காற்றில் இருக்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிக்கும். அதே 20 பைட் SF7-இல் 57 மில்லிவிநாடி, SF12-இல் 1.32 விநாடி. ஒருமுறை அனுப்ப 119 மில்லிஆம்ப்-விநாடி ஆகிறது. அனுப்பியபின் பதில் வருகிறதா என்று 2 விநாடி காத்திருக்கிறது. கேட்கும்போது ரேடியோவும் மைக்ரோகண்ட்ரோலரும் சேர்ந்து 14.5 மில்லிஆம்ப் என்பதால் அதற்கு 29. பதில் வராததால் இன்னொருமுறை அனுப்பி இன்னொருமுறை காத்திருக்கிறது. 148-ஐ இரண்டால் பெருக்கினால் 296. நேரத்தைக் கூட்டினால் 3.32 விநாடி இரண்டு முறை, அதோடு சென்சாரின் 0.75, கிட்டத்தட்ட 7.4. நாளை வைத்துப் போட்ட கணக்கும், `millis()` சொன்ன நேரமும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. இப்படி இரண்டு பக்கமும் பொருந்தினால் சந்தேகத்துக்கு இடமில்லை.

இங்கே பதிலுக்குக் காத்திருப்பதையும் மறுமுயற்சியையும் எடுத்துவிடுவதுதான் முதல் வேலை. 10 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் வெப்பநிலையில் ஒன்றிரண்டு தவறினால் என்ன குறைந்துவிடும்? அடுத்தது வந்துவிடும். பிறகு, ரிசீவர் ஆண்டெனாவை உயர்த்தி வைத்துவிட்டு SF9-க்கு இறங்க முடிகிறதா என்று பாருங்கள். SF9-இல் 185 மில்லிவிநாடி, 17 மில்லிஆம்ப்-விநாடிதான். ரிசீவர் பக்கம் கரண்ட் இணைப்பு இருக்கிறது, நோடின் பக்கம் மூன்று செல்தான் இருக்கிறது. தூரத்துக்கான விலையை ரிசீவர் பக்கம் கொடுப்பதே நியாயம்.

அடுத்தது அந்த 750 மில்லிவிநாடி. சென்சார் அளந்துகொண்டிருக்கும்போது மைக்ரோகண்ட்ரோலருக்கு அங்கே வேலையே இல்லை. அதுவும் தூங்கட்டும்:

```
sensors.setWaitForConversion(false);
sensors.requestTemperatures();
LowPower.powerDown(SLEEP_1S, ADC_OFF, BOD_OFF);
float t = sensors.getTempCByIndex(0);
```

1 விநாடிக்குப் பதில் அரை விநாடி போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள். அளவீடு முடியும்முன் படித்தால் பழைய மதிப்பு வரும், முதல்முறை என்றால் 85 டிகிரி வரும். வெயிலில் இருக்கும் பெட்டி என்றால் அந்த 85-ஐச் சிலர் நம்பியும்விடுவார்கள்.

இவை எல்லாம் செய்தபின் ஒரு சுற்றுக்கு 18 மில்லிஆம்ப்-விநாடிக்குள் அடங்கும், அது 30 மைக்ரோஆம்ப். மற்ற 14-ஐச் சேர்த்தால் 44. 75-ஐ 0.044 ஆல் வகுத்தால் 1,700 நாள். 150 நாள் ஓடிய நோடு நாலரை ஆண்டுக்கு வந்துவிட்டது. தூக்கக் கரண்டில் ஒரு மைக்ரோஆம்பைக்கூடக் குறைக்கவில்லை.

அறிகுறி: செல்லை எடுத்து அளந்தால் 1.2 வோல்ட் இருக்கிறது, ஆனால் நோடு பேசவில்லை

செல்லைக் கழற்றி அளக்கும்போது அதிலிருந்து கரண்ட் ஏதும் போகவில்லை. அந்த 1.2 வோல்ட் சும்மா இருக்கும்போது காட்டும் வோல்ட். புது ஏஏ செல்லின் உள் மின்தடை ஓமில் ஒரு சிறு பங்குதான். தீரத் தீர அது ஏறும். செல்லுக்கு 1 ஓம் ஆகிவிட்டால் மூன்றுக்கும் 3 ஓம். 90 மில்லிஆம்ப் இழுக்கும் கணத்தில் 0.27 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும். செல் ஹோல்டரின் சுருளில் துரு ஏறியிருந்தால் அதுவும் இதோடு சேரும். போர்டில் பிரவுன்-அவுட் 2.7 வோல்ட்டில் வைத்திருந்தால், அதற்குக் கீழே இறங்கிய கணமே ரீசெட்.

ரிசீவர் பதிவிலேயே இதைப் பார்க்கலாம். `millis()` எண் ஏறிக்கொண்டே வராமல் திடீரென்று சில நூறுக்கு விழுந்தால் நோடு ரீசெட் ஆகியிருக்கிறது. ஒருமுறை விழுந்தால் பரவாயில்லை. விடியற்காலையில் மட்டும் திரும்பத் திரும்ப விழுந்தால், குளிரில் செல்லின் உள் மின்தடை ஏறியிருக்கிறது. கடைசிக் கட்டம் நெருங்கிவிட்டது. ரீசெட் ஆன ஒவ்வொரு முறையும் பூட்லோடர் விழித்தபடி காத்திருப்பதால், கொஞ்ச நஞ்சம் இருப்பதும் வேகமாகக் கரையும். பிறகு பாக்கெட் வருவதே நின்றுவிடும், ஏனென்றால் அனுப்பும் கணத்தில்தானே விழுகிறது.

செல்களை ஹோல்டரிலேயே வைத்து, நோடு அனுப்பும் நேரத்தில் அளப்பதுதான் உண்மையைச் சொல்லும். சாதாரண மீட்டர் 57 மில்லிவிநாடிக்குள் பிடிக்காது. ஆகவே செல்களுக்குக் குறுக்கே 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஒரு விநாடி வைத்து அளந்துபாருங்கள். ஏறக்குறைய அதே 80, 90 மில்லிஆம்ப் இழுக்கும். 3.3-க்குக் கீழே போனால் செல் முடிந்தது. 3.3-க்கு மேல் நிற்கிறது, ஆனாலும் நோடு ரீசெட் ஆகிறது என்றால் ஹோல்டர், ஒயர், சால்டர் இணைப்பு ஆகியவற்றைச் சந்தேகிக்கவும். ரேடியோவின் பவர் பின்னுக்குப் பக்கத்திலேயே 470 மைக்ரோஃபாரட் ஒன்று போட்டால், அனுப்பத் தொடங்கும் கணத்தில் வோல்ட் திடீரென்று சரிவதை மட்டும் தணிக்கும். 57 மில்லிவிநாடி நீளும் SF7 அனுப்பல் முழுவதற்கும்கூட அது போதாது, SF12-க்குக் கேட்கவே வேண்டாம்; சில மில்லிவிநாடியிலேயே அதன் உதவி தீர்ந்துவிடும். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரே சில மைக்ரோஆம்ப் கசியும் என்பதால், போட்டபின் தூக்கக் கரண்டை மறுபடி அளந்துவிடுங்கள்.

அறிகுறி: கணக்கில் 15, 20 ஆண்டு என்று வருகிறது

மணிக்கு ஒருமுறை அனுப்பும் நோடுக்குக் கணக்குப் போட்டால் இப்படி வரும். பேட்டரி தானாக இழக்கும் 7 மைக்ரோஆம்பைச் சேர்க்க விட்டுப்போயிருக்கிறது. அதைச் சேர்த்தபின்னும், ஆல்கலைன் செல்லை வைத்து 5 ஆண்டுக்கு மேல் நான் எங்கும் வாக்குக் கொடுப்பதில்லை. மொட்டைமாடி வெயிலில் மூடிய பெட்டிக்குள் இருக்கும் செல், அறை வெப்பத்தில் போட்ட 2, 3 சதவீதத்துக்குக் கட்டுப்படாது. நாள்பட்ட ஆல்கலைன் செல் கசிந்து ஹோல்டரை அரிக்கும் அபாயமும் உண்டு.

முதல் சில வாரம் பேட்டரி வோல்ட்டைப் பார்த்து ஆயுளைக் கணிக்கவும் வேண்டாம். புது செல் 1.6-இலிருந்து 1.4 வோல்ட் பக்கம் விரைவாக இறங்கி, அதற்குப் பிறகு மெதுவாக இறங்கும். முதல் சரிவைக் கோடு போட்டு நீட்டினால், நல்ல நோடுகூட இரண்டு மாதத்தில் செத்துவிடும் என்று வரும். அந்த நாட்களில் நம்ப வேண்டியவை மீட்டரில் வந்த தூக்கக் கரண்டும், ரிசீவரில் வரும் `millis()` வித்தியாசமும். நோடை அதன் இடத்தில் வைத்து ஒரு வாரம் அந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். பதிலுக்குக் காத்திருக்கும் நோடில், சில நூறாக வந்துகொண்டிருந்த எண் ஒருநாள் 2,000, 3,000 என்று ஏறினால், பேட்டரி தீரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே போய் ஆண்டெனாவைப் பாருங்கள்.